400 புத்தகக்குறிகள்: வடிவமைப்பைத் துளையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியில் 30 நாள் வாசிப்பு இயக்கம் நடத்தப் போகிறோம். 6 முதல் 8 வரை 400 பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புக்மார்க் கொடுக்க ஆசை. ஒடுக்கமான வடிவம், குஞ்சம் கட்ட ஒரு துளை, சின்னதாக ஒரு வாசகம், இவ்வளவுதான் எண்ணம். என்ன அளவு, என்ன அட்டை, துளை எங்கே, அச்சகத்துக்கு எப்படிக் கொடுப்பது? போன முறை ஒரு சுவரொட்டி அச்சடித்தபோது தமிழ் எழுத்துகள் உடைந்து வந்தன.

பதில்:

படத்தையும் நிறத்தையும் முதலில் முடிவுசெய்துவிட்டு, கடைசியில் "மேலே எங்காவது ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளலாம்" என்று விடுவதால்தான் பெரும்பாலான பள்ளிப் புத்தகக்குறிகள் கெடுகின்றன. துளை எழுத்தின் மேல் விழும், அல்லது விளிம்பை ஒட்டி விழுந்து ஒரே வாரத்தில் கிழியும். அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் புத்தகத்தின் அளவு, அதற்கேற்பக் குறியின் நீளம், பிறகு துளை. மிஞ்சும் இடத்தில்தான் வாசகமும் படமும்.

பள்ளி நூலகத்தில் உள்ள சிறுவர் நூல்கள் பெரும்பாலும் கிரவுன் அளவிலோ டெமி அளவிலோ இருக்கும். கிரவுன் நூலின் உயரம் சுமார் 18 செ.மீ., டெமி சுமார் 21.5 செ.மீ. குறி முழுவதும் நூலுக்குள் அடங்கி, குஞ்சம் மட்டும் வெளியே தொங்க வேண்டும். அட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புத்தகப் பைக்குள் போன முதல் நாளே மடங்கிவிடும். எனவே 50 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளம் வையுங்கள். கிரவுன் நூலுக்குள் இது 3 செ.மீ. இடம் மீதம் விட்டு உட்காரும். 40 மி.மீ.க்குக் கீழே ஒடுக்கினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ் வாசகம் அதில் மூச்சுத் திணறும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது துளை. உங்கள் பள்ளி அலுவலகத்தில் கோப்புகளுக்குத் துளையிடும் இரட்டைப் பஞ்ச் கட்டாயம் இருக்கும். அந்தக் கருவியில் துளையின் விட்டம் 6 மி.மீ.; காகிதத்தை முட்டும் வரை தள்ளினால் துளையின் மையம் விளிம்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி விழும். இது ஐ.எஸ்.ஓ. 838 என்ற பொதுத் தர அளவு. அப்படியானால் நம் வடிவமைப்பிலும் துளையின் மையம் மேல் விளிம்பிலிருந்து 12 மி.மீ., அகலத்தில் சரியாக நடுவில், அதாவது இரு பக்கமும் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். துளைக்கும் மேல் விளிம்புக்கும் நடுவே 9 மி.மீ. அட்டை நிற்கும். குஞ்சத்தைப் பிடித்துப் பிள்ளைகள் புத்தகத்தையே தூக்குவார்கள். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது இந்த 9 மி.மீ. பட்டைதான். இது 4 மி.மீ. ஆக இருந்தால் கிழியும். 15 மி.மீ.க்கு மேல் போனால் வீணாக இடம் போகும், நூல் வளையமும் நீளும்.

துளையைச் சுற்றி அழகுக்காக ஒரு வட்டம் அச்சிட நினைப்பீர்கள். வேண்டாம். கையால் துளையிடும்போது 1 மி.மீ. நகர்வது இயல்பு; வட்டத்துக்குள் துளை ஓரமாக விழுந்தால் அந்த 1 மி.மீ. பிழை ஊருக்கே தெரியும். அதற்குப் பதிலாகத் துளையின் மையத்தில் 2 மி.மீ. அளவில் மங்கலான ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். துளையிட்டதும் புள்ளியே வெட்டுப்பட்டுப் போய்விடும். 6 மி.மீ. துளைக்குள் 2 மி.மீ. புள்ளி என்பதால், எந்தப் பக்கம் 2 மி.மீ. நகர்ந்தாலும் புள்ளி மிஞ்சாது. பஞ்சின் அடியில் துகள்கள் சேரும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கருவியைத் தலைகீழாகப் பிடித்தால் துளையின் வழியே புள்ளி தெரியும். அதைப் பார்த்தே இடத்தைச் சரிசெய்யலாம். இரண்டு அட்டைக்கு மேல் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். அடியில் உள்ள அட்டை நகரும், துளையின் ஓரமும் பிசிறடிக்கும். மேலிருந்து 22 மி.மீ. வரை எழுத்தோ முகமோ எதுவும் வரக்கூடாது; நிறம் மட்டும் இருக்கலாம்.

அடுத்தது வாசகம். 50 மி.மீ. அகலத்தில் இரு ஓரமும் 5 மி.மீ. விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 40 மி.மீ. பல பள்ளிகளில் எழுதும் "வாசிப்பை நேசிப்போம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எதுகை நன்றாக இருக்கிறது. ஆனால் "நேசிப்போம்" என்ற சொல்லில் இரட்டைச்சுழிக் கொம்பு இரண்டு, கால் ஒன்று. எழுத்து ஐந்துதான் என்றாலும் அச்சில் எட்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். 40 மி.மீ.க்குள் அடங்க எழுத்தை 18 புள்ளி அளவுக்குக் குறைக்க நேரும். கை எட்டும் தூரத்தில் இதைப் படிக்க முடியும். ஆனால் வாசகம் என்ற எடுப்பு இருக்காது. சொல்லை "நேசிப்-போம்" என்று உடைப்பது அதைவிட மோசம்.

உங்கள் இயக்கம் 30 நாள் என்கிறீர்கள். அப்படியானால் பிள்ளை அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையையே வாசகமாக்கலாம்:

இன்று
பத்துப்
பக்கம்

மூன்று சொல், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு எழுத்து. பக்கவாட்டில் ஒட்டும் கொம்போ காலோ ஒன்றுகூட இல்லை. மூன்று வரியும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் நிற்கும். தடித்த எழுத்தில் 28 புள்ளி அளவில் அச்சிட்டாலும் 40 மி.மீ.க்குள் அடங்கும். "பத்து பக்கம்" என்று எழுதிவிடாதீர்கள். பத்து என்ற எண்ணுப்பெயருக்குப் பின் வல்லினம் மிகும். 400 பிள்ளைகள் ஒரு மாதம் தினமும் பார்க்கப் போகும் சொல், அதில் ஒற்றுப்பிழை இருக்கக்கூடாது.

வரி இடைவெளியைக் கவனியுங்கள். "பத்துப்" என்பதில் 'து' கீழே இறங்கும். அடுத்த வரியில் 'க்' மேல் உள்ள புள்ளி மேலே ஏறும். மென்பொருள் தானாக வைக்கும் இடைவெளியில் இரண்டும் உரசிக்கொள்ளலாம். 28 புள்ளி எழுத்தின் உயரம் சுமார் 10 மி.மீ.; வரிக்கு வரி 14 மி.மீ. கொடுத்தால் சரியாக இருக்கும். எழுத்துருவில் Mukta Malar, Hind Madurai, Catamaran மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை, தடித்த வடிவிலும் தெளிவாக இருப்பவை. தூரிகை எழுத்து போன்ற அலங்கார எழுத்துருக்களில் ன, ண, ள போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்வதுண்டு. 6-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு அது தடுமாற்றம்.

ஆங்கிலக் குறிகளைப் பார்த்து எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் பழக்கமும் இருக்கிறது. தமிழுக்கு அது பொருந்தாது. 'பு' ஒடுக்கம், 'ணை' அகலம், 'கோ' மூன்று துண்டு. அடுக்கினால் கோணல்மாணலாக நிற்கும், கண்ணும் சொல்லாகச் சேர்த்து வாங்காது. நீண்ட வாசகம்தான் வேண்டும் என்றால் முழு வரியையும் 90 பாகை திருப்பிப் படுக்கையாக வையுங்கள். துளைப் பகுதியையும் கீழ் ஓரத்தையும் கழித்தாலும் 120 மி.மீ. கிடைக்கும்.

முன்பக்கம் இப்படி அமையும்: மேல் 22 மி.மீ. துளைக்கு. அடுத்து 95 மி.மீ. வரை படம், ஒரே படம், சின்னச் சின்னதாக நான்கு வேண்டாம். 95 முதல் 139 வரை மூன்று வரி வாசகம். அதற்கும் கீழே 9 புள்ளியில் பள்ளியின் பெயர், கீழ் விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே முடியும்படி. நான்கு பக்கமும் கோடு போட்டுச் சட்டம் கட்டாதீர்கள். வெட்டும்போது 1 மி.மீ. நகர்ந்தாலே ஒரு பக்கச் சட்டம் தடிமனாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் தெரியும்; 50 மி.மீ. அகலத்தில் அது உடனே கண்ணில் படும். சட்டம் இல்லாமல் நிறம் விளிம்பு வரை ஓடட்டும்.

பின்பக்கத்தில் நூல்களின் பட்டியல் எழுதப் பத்தி போட்டுக் கொடுப்பார்கள். 40 மி.மீ. அகலத்தில் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு நூலின் பெயர் அடங்குவது கடினம். இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். உங்கள் வாசகமே வழி சொல்கிறது. 7 மி.மீ. சதுரக் கட்டம், இடையில் 1 மி.மீ., வரிசைக்கு ஐந்து, ஆறு வரிசை. அகலம் 39 மி.மீ., உயரம் 47 மி.மீ. மொத்தம் 30 கட்டம். பத்துப் பக்கம் படித்த நாளில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும். கட்டங்களுக்கு மேலே பெயர், வகுப்பு என இரண்டு கோடு. கீழே மிஞ்சும் இடத்தில் "நான் படித்த நூல்" என்று நான்கு வெற்றுக் கோடு, 10 மி.மீ. இடைவெளியில். மாதத்துக்கு நான்கு நூல் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பெயரைச் சுருக்கி எழுதிக்கொள்வார்கள். பின்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும், கோடுகள் மட்டும் மென்சாம்பல் நிறத்தில். முழு நிறம் அச்சிட்ட இடத்தில் பென்சில் பிடிக்காது.

இந்தக் கட்டங்கள்தாம் அட்டையையும் முடிவுசெய்கின்றன. அச்சகத்தில் கேட்டால் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன் என்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் லேமினேஷன் மேல் பென்சில் எழுதாது, ஜெல் பேனா மை காயாமல் தடவிக்கொண்டு நூலின் பக்கத்தில் ஒட்டும். "அப்படியானால் முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போடலாமே" என்பது அடுத்த யோசனை. அது இன்னும் மோசம். காற்றின் ஈரத்தைத் திறந்த பின்பக்கம் உறிஞ்சி விரியும். படலம் ஒட்டிய முன்பக்கம் விரியாது. அட்டை படலம் இருக்கும் பக்கமாகச் சுருண்டுகொள்ளும். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் சீக்கிரமே இது தெரியும். எழுத வேண்டுமென்றால் லேமினேஷனே வேண்டாம். பூச்சு இல்லாத, சொரசொரப்பான 250 ஜிஎஸ்எம் அட்டை போதும். நிறம் கொஞ்சம் அடங்கித் தெரியும். அதற்கேற்பப் படத்தில் அடர்ந்த கரும்பச்சை, கருநீலம் தவிர்த்துத் தெளிவான நிறங்களை எடுங்கள். வாங்கும் முன் அட்டையின் ஓர் ஓரத்தில் பென்சிலாலும் பந்துமுனைப் பேனாவாலும் எழுதி, உடனே விரலால் தேய்த்துப் பாருங்கள்.

இனி கணக்கு. டிஜிட்டல் அச்சகங்களில் வழக்கமான தாள் 13 × 19 அங்குலம். ஓரங்களில் இயந்திரம் பிடிக்கும் இடம் போக, அச்சாகும் பரப்பைச் சுமார் 317 × 470 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியான அளவை அச்சகத்தில் கேட்டுக்கொள்ளலாம். வெட்டுக்காக நான்கு பக்கமும் 2 மி.மீ. கூடுதல் நிறம் விட்டால் ஒரு குறி 54 × 154 மி.மீ. ஆகும். குறியின் நீளத்தைத் தாளின் அகலவாக்கில் அடுக்கினால் 8 × 2 = 16. நீளவாக்கில் அடுக்கினால் 3 × 5 = 15. பதினாறுதானே லாபம் என்று தோன்றும். இங்கேதான் காகிதத்தின் நார்த்திசை வருகிறது. அட்டையின் நார்கள் ஒரு திசையில் ஓடும்; அந்தத் திசையில் அட்டை விறைப்பாக நிற்கும், குறுக்கே எளிதில் வளையும். நார் குறியின் நீளவாக்கில் ஓடினால்தான் குறி நிமிர்ந்து நிற்கும். குறுக்கே ஓடினால் வெற்றிலைபோலத் தொய்யும்.

கண்டறிவது எளிது. அதே அட்டையில் 5 × 15 செ.மீ. துண்டு இரண்டு வெட்டுங்கள், ஒன்று தாளின் நீளவாக்கில், ஒன்று அகலவாக்கில். இரண்டையும் சேர்த்து ஒரு முனையில் பிடித்துக் கிடையாக நீட்டி, பிறகு மேலதும் கீழதும் இடம்மாற்றிப் பாருங்கள். எது தொய்கிறதோ அது நாருக்குக் குறுக்கே வெட்டியது. தாளின் நீளவாக்கில் நார் ஓடுகிறது என்றால் 15 அடுக்கையே எடுங்கள். 400 குறிக்கு 16 அடுக்கில் 25 தாள், 15 அடுக்கில் 27 தாள். துளையிடுவதில் வீணாவதற்கு மூன்று தாள் சேர்த்தால் 28-க்குப் பதில் 30. இரண்டே தாள்தான் வித்தியாசம். அதற்காகக் குறி தொய்ய வேண்டியதில்லை. 30 தாளில் 450 குறி கிடைக்கும். கெட்டதும் தொலைந்ததும் போக நடுவில் சேரும் பிள்ளைக்கும் மிஞ்சும். இந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல் அச்சே சரி. ஆஃப்செட்டில் தகடு செலவு தனியாக வரும், அது சில ஆயிரம் பிரதிகளுக்குத்தான் கட்டும்.

முன்பின் இரு பக்கமும் அச்சாகும்போது ஒன்றுக்கொன்று 1 மி.மீ. அளவுக்கு நகர்ந்து விழலாம். நம் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதாலும் எழுத்து விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருப்பதாலும் அது கண்ணுக்குத் தெரியாது.

எழுத்து உடைந்தது ஏன் என்று பார்ப்போம். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாகக் கொடுத்திருப்பீர்கள். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இருந்திருக்காது, அல்லது தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாத பழைய மென்பொருளாக இருந்திருக்கும். அப்போது 'தே' என்பதில் கொம்பு இடம்மாறித் 'த'வுக்குப் பின்னால் போகும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் நடுவில் முளைக்கும். சில இடங்களில் தங்களிடமுள்ள பழைய முறை எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்துவிடுவார்கள். அதில் புதுப்பிழைகள் சேரும்.

இதற்கு நம்பகமான தீர்வு, எழுத்தை எழுத்தாகக் கொடுக்காமல் வரைவடிவமாக மாற்றிக் கொடுப்பது. Inkscape-இல் `Ctrl+Alt+A` அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து, `Path > Object to Path` கொடுங்கள். CorelDRAW என்றால் `Ctrl+Q`. மாற்றும் முன் திருத்தக்கூடிய கோப்பு ஒன்றைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் ஓர் ஒற்றைக்கூடத் திருத்த முடியாது. பிறகு பி.டி.எஃப். ஆக்கி, அந்தக் கோப்பை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து, பெரிதாக்கி ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். Canva-வில் செய்தால் `PDF Print` தேர்ந்து, `Crop marks and bleed`, `Flatten PDF` இரண்டையும் குறியிட்டு இறக்குங்கள்.

அச்சகத்துக்குப் போகும் முன் பள்ளியிலேயே ஏ4 தாளில் ஒன்று அச்சிடுங்கள். அச்சுப் பெட்டியில் `Fit` என்று இருந்தால் அளவு சுருங்கும். `Actual size` என்று மாற்றி, அளவுகோலால் 150 மி.மீ. இருக்கிறதா என்று சரிபாருங்கள். அதை வெட்டி, துளையிட்டு, நூலகத்தின் மிகச் சிறிய நூலுக்குள் வைத்து மூடிப் பாருங்கள். அச்சகத்திலும் 30 தாளையும் ஓட்டும் முன் ஒரு தாளை மட்டும் ஓட்டி, வெட்டி, கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

கடைசியாகக் குஞ்சம். கம்பளி நூல் தடிமன். அதன் முடிச்சு பக்கங்களில் குழி பதிக்கும். வளையலுக்குச் சுற்றும் பட்டு நூல் பளபளக்கும், ஆனால் வழுக்கி முடிச்சு அவிழும். பருத்தி எம்பிராய்டரி நூல்தான் ஏற்றது. ஒரு கண்டு பொதுவாக 8 மீட்டர் இருக்கும். 12 செ.மீ. அகல அட்டையில் கண்டு முழுவதையும் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் கத்தரித்தால் 24 செ.மீ. நீள இழைகள் 33 கிடைக்கும். குறிக்கு நான்கு இழை என்றால் கண்டுக்கு எட்டுக் குறி. 400-க்கு 50 கண்டு, 450-க்கு 57.

நான்கு இழையையும் சேர்த்து நடுவில் மடியுங்கள். மடிப்பு முனையை முன்பக்கத்திலிருந்து துளை வழியே பின்னுக்குத் தள்ளி, நுனிகள் எட்டையும் அந்த வளையத்துக்குள் விட்டு இழுங்கள். மேல் விளிம்பில் சுருக்கு உட்காரும். இறுக்கி இழுக்காதீர்கள், அட்டையின் விளிம்பு நசுங்கிச் சுருங்கும். வளையம் தளர்ந்து விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பிறகு துளையிலிருந்து 5 செ.மீ. தள்ளி எல்லா இழையையும் சேர்த்து ஒரு முடிச்சு. அதற்குக் கீழே சுமார் 4 செ.மீ. குஞ்சமாகத் தொங்கட்டும், நுனியைச் சமமாகக் கத்தரியுங்கள்.

அந்த 5 செ.மீ. சும்மா சொன்னதல்ல. கிரவுன் நூலில் குறி அடிவரை இறங்கினால் அதன் தலை நூலின் மேல் விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே இருக்கும், துளை அதற்கும் 1.2 செ.மீ. கீழே. ஆக 4.2 செ.மீ. தாண்டினால்தான் முடிச்சு புத்தகத்துக்கு வெளியே நிற்கும். முடிச்சு உள்ளே அகப்பட்டால் பக்கத்தில் தழும்பு விழும், சின்னப் புத்தகத்தின் ஒட்டுமுதுகும் பிளக்கும். டெமி நூலென்றால் குறியை மேலே ஏற்றி வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

குஞ்சத்துக்கு நூல் வாங்கும்போது ஒரு சோதனை கட்டாயம். சிவப்பு, கருநீலம், ஊதா நூல்களில் 5 செ.மீ. துண்டை நனைத்து, வெள்ளைத்தாள் நடுவில் வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். தாளில் நிறம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம். மழையில் நனைந்த பைக்குள் நூலகப் புத்தகத்தையே கறையாக்கிவிடும். வகுப்புக்கு ஒரு நிறம் என்று பிரித்தால் தொலைந்த குறியைத் திருப்பிக் கொடுப்பது எளிது. ஆனால் வாசிப்புத் திறனை வைத்து நிறம் பிரிக்காதீர்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் நிலையை அந்தக் குஞ்சம் வகுப்பு முழுவதற்கும் காட்டிக்கொண்டே இருக்கும். அவன் குறியைப் புத்தகத்துக்குள் ஒளிப்பான், பிறகு புத்தகத்தையே எடுக்கமாட்டான்.